பெயர் மட்டும் பார்த்தால் போதாது

2015 பிப்ரவரி 24 அன்று, ஸ்லோவேனியாவின் ஒரு மென்பொருள் நிறுவனத்தையும் அதன் பெரும்பங்கு உரிமையாளரையும் அமெரிக்கக் கருவூலத் துறையின் ஓஃபாக் அலுவலகம் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவர்களின் செயலிகளை ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் விற்றுவந்தது. அன்றைக்கே புதுப் பட்டியலைத் தன் கணக்குகளோடு ஒப்பிட்டும் பார்த்தது, ஆனால் சிக்கவில்லை. பட்டியலில் இருந்தது SIS d.o.o., ஆப்பிள் பதிவில் இருந்தது SIS DOO. கடைசி மூன்றெழுத்து நம்மூர் ‘பிரைவேட் லிமிடெட்’ போன்றதுதான். உரிமையாளர் பெயரும் அதே கணக்கில் நிர்வாகி என்று பதிவாகியிருந்தது. அதை ஒப்பிடவே இல்லை.

விஷயம் தெரியவந்தது 2017-ல். அதற்குள் 47 முறை பணம் போய்விட்டது. ஆப்பிளே முன்வந்து தெரிவித்ததால் தண்டம் குறைந்து, 2019-ல் 4,66,912 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இதில் என்ன? டாலரில் வரும் பணம் பெரும்பாலும் ஓர் அமெரிக்க வங்கி வழியாகத்தான் வரும். வாங்குபவர் தடையில் இருந்தால் பணம் அங்கேயே முடங்கலாம். சரக்கோ கப்பலேறியிருக்கும்.

ஆகவே ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே, வாங்குபவரிடம் பதிவுச் சான்றிதழ், பங்குதாரர் பட்டியல், இயக்குநர்கள் பெயர் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஓஃபாக்கின் இணையத் தேடலில் நிறுவனம், உரிமையாளர், இயக்குநர் என எல்லாப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். லிமிடெட் போன்ற வால்களை நீக்கியும், வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். எவ்வளவு ஒத்திருந்தால் காட்ட வேண்டும் என்ற மதிப்பெண்ணை அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் முகமது, அலி போன்ற பொதுப் பெயர்கள் ஏராளமாக வரும். பிறந்த தேதி, நாடு, முகவரியை ஒப்பிட்டால் ஆள் வேறா என்று தெரிந்துவிடும்.

பட்டியலில் பெயர் இல்லாத நிறுவனமும் தடைக்குள் வரலாம். தடை பெற்ற ஒருவரிடம் 30 சதவீதப் பங்கும், இன்னொருவரிடம் 25 சதவீதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 55. மொத்தம் 50 சதவீதத்தைத் தொட்டாலே அந்த நிறுவனமும் தடைக்குள் வந்ததாகத்தான் ஓஃபாக் கொள்ளும். பங்குதாரர் பட்டியலைக் கேட்பது இதற்காகத்தான்.

ஐ.நா. பாதுகாப்பு சபையின் பட்டியலையும், ஐரோப்பிய நாட்டு வாடிக்கையாளர் என்றால் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். உலக வங்கியின் பட்டியல் வேறு வகை. மோசடி, லஞ்சம் போன்றவற்றுக்காக விலக்கப்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கும். அந்த வங்கி நிதியளிக்கும் ஒப்பந்தங்களில்தான் அவற்றுக்கு இடமில்லை. மற்ற வியாபாரத்துக்கு அது சட்டத் தடை அல்ல, எச்சரிக்கை மட்டுமே.

பட்டியல்கள் அடிக்கடி மாறும். எனவே ஆர்டர் எடுக்கும்போது ஒருமுறை, சரக்கு கிளம்பும் முன் மறுமுறை தேடுங்கள். தேதி தெரியும்படி முடிவை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். வங்கி கேள்வி கேட்டால் கையில் இருக்கும் சான்று அதுதான்.