இரு பக்கமும் கட்டும் பந்தயம்

ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பந்தய நிறுவனங்கள் வெவ்வேறு விகிதம் கொடுக்கும்போது, இரு பக்கமும் பணம் கட்டி, யார் ஜெயித்தாலும் லாபம் எடுப்பதற்கு ஆர்பிட்ரேஜ் பந்தயம் என்று பெயர். பந்தயம் சட்டப்படி நடக்கும் பிரிட்டனில் இதைப் பகுதிநேரத் தொழிலாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு.

டென்னிஸில் டிரா கிடையாது என்பதால் கணக்கு எளிது. விகிதம் 2.10 என்றால், ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தவருக்குக் கட்டிய பவுண்டும் சேர்ந்து 2.10 பவுண்டு கிடைக்கும். 1-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் வெற்றி வாய்ப்பு தெரியும், 2.10-க்கு அது 47.6 சதவீதம். ஒரே நிறுவனம் இரு வீரர்களுக்கும் தரும் விகிதங்களை இப்படி மாற்றிக் கூட்டினால் வழக்கமாக 100-ஐத் தாண்டும். சமபலமுள்ள இருவருக்கும் 1.91 கொடுத்தால் கூட்டுத்தொகை 104.7. நூறுக்கு மேலுள்ள அந்த மிகுதியில்தான் நிறுவனம் பிழைக்கிறது.

இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது சில நேரம் இது தலைகீழாகும். இளம் வீரர் ஒருவருக்கு முதல் நிறுவனம் 2.10 தருகிறது, அவரை எதிர்த்து ஆடும் மூத்த வீரருக்கு இரண்டாம் நிறுவனம் 2.05 தருகிறது என்று கொள்வோம். 47.6-ம் 48.8-ம் சேர்ந்து 96.4தான். கையில் 1,000 பவுண்டு இருந்தால் இளையவர் மீது 494, மூத்தவர் மீது 506 கட்டலாம். யார் ஜெயித்தாலும் ஏறக்குறைய 1,037 பவுண்டு திரும்பும். 37 பவுண்டு லாபம். இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆபத்தே இல்லை என்ற எண்ணம் வருவதும் அதனால்தான்.

ஆனால் இரண்டு பந்தயங்களும் ஒரே நொடியில் பதிவாவதில்லை. ஒரு நிறுவனம் புதிய செய்திக்கு ஏற்ப விகிதத்தை மாற்றத் தாமதிப்பதால்தான் பெரும்பாலும் இந்த இடைவெளியே உண்டாகிறது. அது சில நிமிடங்களில் மூடிவிடும். முதல் பந்தயம் ஏற்கப்பட்டு, இரண்டாவதைக் கட்டப் போகும்போது 2.05 என்பது 1.85 ஆகியிருந்தால் கூட்டுத்தொகை 101.7. உறுதியான சிறு நஷ்டத்தை ஏற்க வேண்டும், அல்லது மறுபக்கம் கட்டாமல் சாதாரணச் சூதாட்டக்காரராக நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய அடி விதிமுறைகளில் இருக்கிறது. காயத்தால் ஒரு வீரர் பாதியில் விலகினால் பந்தயம் என்ன ஆகும் என்பதில் நிறுவனங்கள் ஒத்துப்போவதில்லை. ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பந்தயம் ரத்து என்பது ஒரு வகை. ஒரு செட் முடிந்திருந்தால், அடுத்த சுற்றுக்குப் போனவர் ஜெயித்ததாகக் கொள்வது இன்னொரு வகை. மேற்சொன்ன ஆட்டத்தில் முதல் நிறுவனம் முதல் வகை, இரண்டாம் நிறுவனம் இரண்டாம் வகை என்றால், இரண்டாவது செட்டில் மூத்தவர் விலகும்போது என்ன நடக்கிறது? இளையவர் மீது கட்டிய 494 பவுண்டு அப்படியே திரும்பி வரும். மூத்தவர் மீது கட்டிய 506 பவுண்டு போய்விடும். இதை ஈடுகட்ட, இதே அளவில் 14 வெற்றிகரமான ஜோடிப் பந்தயங்கள் வேண்டும். இளையவர் விலகியிருந்தால் பெருத்த லாபம் வந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. கண்கூடான பிழையால் வெளியான விகிதத்தை நிறுவனம் பின்னர் ரத்து செய்யலாம் என்ற விதியும் இதே வேலையைச் செய்யும். சந்தையை விட வெகுவாக உயர்ந்த விகிதம் கண்ணில் பட்டால், அது ரத்தாகக்கூடிய விகிதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் கணக்கு நெடுநாள் தாங்காது. பந்தய நிறுவனம் வாடிக்கையாளரின் வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பதில்லை. அவர் கட்டிய விகிதம், ஆட்டம் தொடங்கும்போது இருந்த விகிதத்தை விட மறுபடி மறுபடி உயர்வாக இருந்தால் சந்தேகம் வரும். பொழுதுபோக்காகக் கட்டுபவர் 20, 50 என்று கட்டுவார், 493.80 என்று கட்டுபவர் கணக்குப் போட்டுக் கட்டுகிறார். அதன்பின் அவருக்கு அனுமதிக்கப்படும் தொகை சில பவுண்டுகளாகச் சுருங்கும். கணக்கே மூடப்படலாம். பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டம் பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வழி செய்தது; ஆனால் யாருடைய பந்தயத்தையும் ஏற்றே தீர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உறவினர், நண்பர் பெயரில் கணக்கு திறந்து தொடர்வது ஒப்பந்த மீறல். அடையாளச் சோதனையில் அது பிடிபட்டால் உள்ளே இருக்கும் பணம் முடங்கும்.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டமும் இருக்கிறது. இங்கிருந்து வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்டி, அது கணக்கை முடக்கிவிட்டால், இங்கே யாரிடமும் முறையிட்டு அந்தப் பணத்தை மீட்க முடியாது. நிச்சய லாபம் என்று வரும் அழைப்புகளை நம்பி யாரும் பணம் போட வேண்டாம்.