கையிருப்பு கூடினால் உபரியா?

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தரும் சிறிய அறக்கட்டளை ஒன்றை வைத்துக்கொள்வோம். ஏப்ரல் தொடக்கத்தில் கையிலும் வங்கியிலுமாக 40,000 ரூபாய். ஆண்டில் வந்த நன்கொடை 3,00,000. உதவித்தொகைக்கும் வாடகைக்கும் போனது 1,50,000. ஏப்ரலிலேயே வாங்கிய கணினிகளுக்கு 80,000. மார்ச் முடிவில் மிச்சம் 1,10,000. பெறுதல் செலுத்தல் கணக்கு இவ்வளவுதான் சொல்லும்; பணம் 70,000 கூடியிருக்கிறது.

வருவாய் செலவினக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. நன்கொடையில் 1,00,000, வட்டியை மட்டுமே செலவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மூலநிதி. அது வருவாயில் சேராது, இருப்புநிலைக் குறிப்புக்குப் போகும். ஆக வருவாய் 2,00,000. கணினி விலையும் செலவல்ல, சொத்து. அதன் 40 சதவீதத் தேய்மானம் 32,000 மட்டுமே இங்கே வரும். இன்னும் கொடுக்காத மார்ச் வாடகை 10,000-ஐயும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,92,000.

உபரி வெறும் 8,000!

மூலநிதியை வருவாயில் கலப்பதுதான் நான் பார்த்தவரை அடிக்கடி நடக்கும் தவறு. நன்கொடையாளர்களே, அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் மூலநிதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.