பள்ளத்தின் விளிம்பும் வித்தைக்காரன் மேசையும்

டாரட் கட்டில் காதலர்கள் என்றே ஒரு சீட்டு உண்டு, ஆறாம் எண். பல வருடத் தனிமைக்குப் பிறகு மனம் ஒருவரை நாடும்போது, சீட்டெடுப்பவர்கள் அது வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். முட்டாளும் மந்திரவாதியும் வந்தால் முகம் வாடிவிடும். ஆனால் அந்த நிலைமைக்கு இந்த இரண்டும்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். காதலர்கள் சீட்டில் ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள். இவற்றில் இருப்பது ஒற்றை ஆள்.

இவை பிறந்தது ஜோசியத்துக்காக அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டத்தின் அட்டைகள். குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. மந்திரவாதிக்குப் பிரெஞ்சில் பழைய பெயர் ‘பத்லர்’. சந்தையில் மேசை போட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து உருண்டையை மறைக்கும் ஆள். நம் செப்படி வித்தைக்காரனேதான். பிரான்சில் இன்றும் ஆடும் டாரட் ஆட்டத்தில் அவன் துருப்புகளிலேயே சிறியவன். எந்தத் துருப்பும் அவனை வெட்டிவிடும். ஆனாலும் அவனும் முட்டாளும் 21ஆம் துருப்பும் கைவசம் இருந்தால் 36 புள்ளியிலேயே ஜெயித்துவிடலாம். மூன்றில் ஒன்றுமில்லை என்றால் 56 வேண்டும்.

இன்று பலரும் பயன்படுத்தும் படங்கள் 1909இல் லண்டனில் வெளியான கட்டைச் சேர்ந்தவை. ஆர்தர் வெய்ட் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். பூஜ்யம் எண்ணிட்ட முட்டாள், பள்ளத்தின் விளிம்பில் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறான். தோளில் கோல், அதன் நுனியில் சின்ன மூட்டை, கையில் வெள்ளை ரோஜா, காலடியில் ஒரு நாய். ஒன்றாம் எண் மந்திரவாதியின் மேசையில் கிண்ணம், வாள், கோல், காசு.

நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மணமுறிவு முடிந்து ஒன்பது வருடம். வியாழக்கிழமை மாலைகளில் ஒரு பாட்டுக்குழுவுக்குப் போகிறார். அங்கே வரும் ஒருவர் பக்கத்து நாற்காலியை இவருக்காகப் பிடித்து வைக்கிறார். இவர் கேட்கும் கேள்வி: “அவருக்கு என்மேல் விருப்பம் இருக்கிறதா?”

சீட்டுக்கு அது தெரியாது. கலைத்துப்போட்டால் எதுவும் வரும். தொழில் தெரிந்தவர் கேள்வியை மாற்றச் சொல்வார்: “நான் வைக்கக்கூடிய முதல் அடி எது?” இரண்டு சீட்டு. முதலில் முட்டாள், அடுத்து மந்திரவாதி.

முட்டாளைக் காட்டி, நாய் என்ன செய்கிறது என்று கேட்கிறார். விளையாடுகிறதா, எச்சரிக்கிறதா என்பது படத்தில் தெளிவாக இல்லை. பார்ப்பவர்தான் சொல்லவேண்டும். “தடுக்குது. என் தங்கச்சி மாதிரி” என்கிறார் அந்தப் பெண். சரி, மூட்டை? ஒன்பது வருடச் சாமான் அதில் கொள்ளாது. பழைய கதை முழுவதையும் முதல் நாளே அவிழ்க்கத் தேவையில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அடுத்து மேசை. கிண்ணம் உணர்வு, கோல் ஆசை, காசு நேரமும் பணமும் உடம்பும், வாள் பேச்சு. இத்தனை வருடத்தில் கை படாமலே கிடந்தது எது? ஆசை இருக்கிறது, நினைப்பு தினமும் ஓடுகிறது, வேலையும் ஓய்வுநேரமும் இருக்கின்றன. வாயைத்தான் திறக்கவில்லை. ஆக, முதல் அடி ஒரே வாக்கியம்: “பாட்டு முடிஞ்சதும் ஒரு டீ குடிக்கலாமா?” மறுத்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவு சின்னது அது.

வரிசை மாறி மந்திரவாதி முதலில் வந்திருந்தால் நான் வேறு மாதிரி படிப்பேன். புதுத் துணி எடுத்தாயிற்று, அவரைப் பற்றி விசாரித்தாயிற்று, இன்னும் தயாராகிக்கொண்டே இருக்கிறார்; அடுத்த முட்டாள் ‘போதும், கிளம்பு’ என்கிறான்.

படிப்பதில் பெரிய பிழை, மந்திரவாதியை வரப்போகும் ஆளாக எடுத்துக்கொள்வது. தனிமையில் பசித்திருக்கும் மனசுக்கு அது இனிக்கும். இணையத்தில் தேனாகப் பேசி, முகம் காட்டாமல், மூன்றாவது வாரம் பணம் கேட்கும் ஆளுக்கு வாசல் திறந்துவிடும். செப்படி வித்தை என்ற சொல்லே அதற்குத்தான் நினைவிலிருக்க வேண்டும். முட்டாளை வைத்து வேலையை விட்டு ஊர் மாறுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள், தானே செய்துமுடிக்கக்கூடிய காரியமாகப் பலன் வரவில்லையென்றால், படித்த விதத்தில்தான் கோளாறு.

இன்னொன்று, அதே கேள்விக்குத் திரும்பத் திரும்பச் சீட்டெடுப்பது. அப்போது சொல்லவேண்டிய வாக்கியத்தின் இடத்தைச் சீட்டு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் பெண் கட்டை மறுபடி கையில் எடுக்கப் போனபோது, படித்தவர் அதை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினார்: “வியாழக்கிழமை போயிட்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்.”