சேமியாவுக்குத் துணை பாலா, முந்திரியா?

பல்பொருள் அங்காடியில் போடப்படும் ஒவ்வொரு பில்லும் கணினியில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பொருளோடு எந்தப் பொருள் ஒரே பில்லில் போகிறது என்று அவற்றிலிருந்து எண்ணிச் சொல்வதுதான் மார்க்கெட் பாஸ்கெட் அறிக்கை. ஐபிஎம் நிறுவனத்தின் ராகேஷ் அகர்வாலும் அவருடைய சகாக்களும் 1993இல் இந்தக் கணக்குக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். எந்த அலமாரியில் எதை வைப்பது என்று முடிவெடுக்கக் கடைக்காரர்கள் இதைப் பார்க்கிறார்கள். ஆனால், அதில் பெரிதாகத் தெரியும் எண்தான் பலரை ஏமாற்றுகிறது.

ஒரு கடையில் 1000 பில்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பில்களில் சேமியா இருக்கிறது. அந்த 50இல் 32 பேர் பாலும் வாங்கியிருக்கிறார்கள். முந்திரி வாங்கியவர்கள் 16 பேர்தான். சேமியாவின் துணை பால்தான் என்று உடனே தோன்றும். ஆனால் அந்தக் கடையில் 1000 பில்களில் 600இல் பால் இருக்கிறது. அதாவது, சேமியா வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நூற்றுக்கு அறுபது பேர் பால் வாங்குகிறார்கள். சேமியா வாங்குவோரில் அது அறுபத்து நான்கு. வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. முந்திரி இருப்பதோ மொத்தம் 40 பில்களில்தான். சேமியாவுக்கும் முந்திரிக்கும் தொடர்பே இல்லையென்றால், இரண்டும் தற்செயலாக 2 பில்களில்தான் சேர்ந்திருக்கும். சேர்ந்திருப்பதோ 16 பில்களில், அதாவது எட்டு மடங்கு. இந்த மடங்கைத்தான் லிஃப்ட் என்கிறார்கள். பாலுக்கு அது ஏறக்குறைய 1. பாயசம் வைப்பவர்களைக் காட்டிக்கொடுப்பது முந்திரிதான்.

லிஃப்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அபூர்வமாக விற்கும் இரண்டு பொருள்கள் இரண்டே பில்களில் சேர்ந்தாலும் அது ஐம்பது, நூறு என்று எகிறிவிடும். எனவே இத்தனை பில்களிலாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று முதலில் ஒரு வரம்பு வைக்க வேண்டும். தீபாவளி வாரத்துப் பில்களையும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்த சலுகை நாட்களையும் நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போதும் எண் நின்றால்தான் அது வாடிக்கையாளரின் பழக்கம்.

அமெரிக்காவில் 1992இல் ஆஸ்கோ டிரக் கடைகளின் சுமார் 12 லட்சம் பில்களை ஆராய்ந்தபோது, மாலை 5 முதல் 7 மணிக்குள் பீரும் குழந்தைகளுக்கான டயப்பரும் சேர்ந்து விற்பது தெரிந்தது. உலகமே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. ஆனால் அந்தக் கடைகள் இரண்டையும் அருகருகே கொண்டுவந்து வைக்கவே இல்லை. இடம் மாற்றினால் விற்பனை கூடுமா என்பது பழைய பில்களில் எழுதியிருக்காது.

அதை வைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஒரு கிளையில் மட்டும் நான்கு வாரம் சேமியா அலமாரியில் சிறிய முந்திரிப் பாக்கெட்டுகளைத் தொங்கவிடுங்கள்; அதே அளவு வியாபாரமுள்ள இன்னொரு கிளையைத் தொடாதீர்கள். பிறகு முந்திரியின் மொத்த விற்பனையை இரண்டு கிளைகளிலும் ஒப்பிடுங்கள். புதிய இடத்தில் விற்ற அளவுக்குப் பழைய இடத்தில் குறைந்திருந்தால், பாக்கெட் இடம் மாறியதே தவிர வியாபாரம் கூடவில்லை.