விரல் நடுங்கினாலும் வேலை நடக்க வேண்டும்

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலி. காலை எட்டு மணிக்கு ஒலி எழுகிறது. திரையில் மாத்திரையின் பெயர், கீழே ‘சாப்பிட்டேன்’ என்ற பொத்தான். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் அதை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்திப் பிடிக்கிறார். சம்பந்தமே இல்லாத ஒரு பட்டியல் விரிகிறது. “போன் கெட்டுப்போச்சுப்பா” என்று பேரனிடம் நீட்டுகிறார்.

போன் கெடவில்லை. விரல் பட்டதும் நகராமல் சட்டென்று எழுந்தால்தான் போனுக்கு அது தட்டு. ஆண்ட்ராய்டில் விரல் ஏறக்குறைய அரை நொடி அங்கேயே நின்றால் ‘நீண்ட அழுத்தம்’ ஆகிவிடும்; அதற்கு வேறு வேலை வைத்திருப்பார்கள். மேலும் கீழும் நகரும் பக்கமாக இருந்தால், விரல் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் வழுக்கினாலே பக்கத்தைத் தள்ளுகிறார் என்று எடுத்துக்கொள்ளும். பெரியவரோ வாசல் அழைப்பு மணியை அழுத்துவதுபோல் ஊன்றி அழுத்துகிறார். நடுக்கம் இருந்தால் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் எந்த மூலைக்கு? போதாததற்கு, வறண்ட விரல்நுனியைத் தொடுதிரை சில நேரம் உணர்வதே இல்லை.

பொத்தானைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரியாகும். தொடும் இடம் குறைந்தது 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்பது கூகுளின் பரிந்துரை. முதியவர்களுக்கு அதையும் தாண்டி, திரையின் முழு அகலத்துக்கே பொத்தானை வைக்கலாம். ஆனால் அழுத்திப் பிடித்தாலும் தட்டியதாகவே கணக்கில் வர வேண்டும். அந்தப் பக்கம் நகரவே கூடாது. இவ்விரண்டும் பொத்தானின் அளவில் இல்லை, நிரலில் இருக்கின்றன.

இதைவிடச் சிக்கலானது இரட்டைத் தட்டு. எட்டு மணிக்கு இரண்டு மாத்திரைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைக்கு ‘சாப்பிட்டேன்’ அழுத்தியதும் அடுத்த பக்கத்தில் சர்க்கரை மாத்திரை வருகிறது. அதே இடத்தில் அதே பொத்தான். நடுங்கும் விரல் இன்னொரு முறை பட்டுவிடுகிறது. போடாத சர்க்கரை மாத்திரை போட்டதாகப் பதிவாகிறது. நேர்மாறாக, தட்டு பதிவாகாமல் போனால் செயலி மறுபடி ஒலிக்கும். அதை நம்பி இரண்டாவது முறை போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். அதனால் பக்கம் மாறியதும் முக்கால் நொடிக்கு எந்தத் தட்டையும் ஏற்காமல் இருப்பது நல்லது. அந்த இடைவெளியை யாரும் கவனிக்கப்போவதில்லை.

அப்படியும் தவறு நடக்கும். வழக்கமான மருந்து, ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு பெட்டியைக் குறுக்கே நிறுத்துவது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இரண்டு நாளில் படிக்காமலே ‘ஆம்’ தட்டப் பழகிவிடுவார்கள். பயந்த சுபாவக்காரர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தட்டியதை ஏற்றுக்கொண்டு, ‘8:05-க்குச் சாப்பிட்டதாகக் குறித்தாச்சு’ என்று எழுதி, கீழே ‘இல்லை, மாற்று’ என்று வைப்பது மேல். வழக்கமாக இப்படி வரும் பட்டை சில நொடிகளில் மறைந்துவிடும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிப்பவருக்கு அது எப்படிப் போதும்? அடுத்த வேளை மாத்திரை வரும்வரை இருக்கட்டுமே.

எழுத்துக்கு வருவோம். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த செயலியைத் தமிழில் அந்த அளவுக்குக் கொண்டுபோனால் கோலம் தெரியும். ‘சமர்ப்பிக்கவும்’ பொத்தானுக்குள் அடங்காமல் ‘சமர்ப்பி…’ என்று நிற்கும். பொத்தானின் உயரத்தை நிலையாக வைத்திருந்தால் மேலே புள்ளியும், கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். உயரம் எழுத்தோடு வளர வேண்டும். சொல்லும் ‘அனுப்பு’ என்று சுருங்க வேண்டும்.

எழுத்து இந்த அளவுக்கு வளர்ந்த திரையில் ஆறு பொத்தானுக்கு இடமே இருக்காது. ‘சாப்பிட்டேன்’, ‘பிறகு நினைவூட்டு’ என இரண்டு போதும், நடுவில் தாராளமாக இடம் விட்டு. மிச்சத்தை மூன்று கோடு போட்ட மூலைக்குள் ஒளித்துவைப்பது குறைத்ததாகாது. தவறித் தொட்டால் அத்தனையும் ஒன்றாக வந்து விழும். மாத்திரை சேர்ப்பது, நேரம் மாற்றுவது எல்லாம் மகளோ மகனோ தங்கள் போனிலிருந்து செய்யும்படி வைத்துவிடலாம்.

எவ்வளவு செய்தாலும் நம் கைக்கு எட்டாத திரைகள் உண்டு. அனுமதி கேட்கும் பெட்டியும் அப்டேட் அறிவிப்பும் போனுக்குச் சொந்தமானவை. அவற்றின் சொல்லையோ பொத்தானையோ நாம் மாற்ற முடியாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில போன்கள் பின்னணியில் இருக்கும் செயலியை நிறுத்தியும்விடும். எட்டு மணி ஒலி வராமலே போகும். ஆகவே எல்லா அனுமதிகளையும் செயலியைப் போட்டுக்கொடுக்கும் அன்றே, வீட்டில் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் ஒலிக்கும் சோதனை மணி ஒன்றையும் சேர்த்து வைத்தால், போனைப் பூட்டிக் கீழே வைத்துவிட்டு, அது அடிக்கிறதா என்று அவர்கள் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.