முஸ்தபாவில் மளிகை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ராயப்பேட்டை ஜாம்பஜாரில் காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறு. சிங்கப்பூரில் அதுக்கும் காசு. கம்பெனி வேலையா சில வாரம் அங்கே போறீங்களா? தினப்படியில் மிச்சம் பிடிக்கணும்னா சமைச்சே ஆகணும்.

லிட்டில் இந்தியாவில், சையது ஆல்வி ரோட்டில் இருக்கு முஸ்தபா சென்டர். ரகத்தில் குறையே சொல்ல முடியாது. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், அப்பளம்னு நம்ம ஊர் சாமான் எல்லாம் கிடைக்கும். 9% ஜிஎஸ்டி விலையிலேயே அடங்கிடும்.

விலையை ரூபாய்க்கு மாத்திப் பார்த்தா எதையுமே வாங்க மாட்டீங்க. கிலோவுக்கு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு பேச்சுக்கு, 1 கிலோ அரிசி 3 டாலர், 5 கிலோ பை 12 டாலர்னு வைங்க. பெரிய பைதான் லாபம் மாதிரி தெரியும். ஆனா மூணு வாரத்துக்கு உங்களுக்கு 3 கிலோ போதும்னா, 9 டாலரில் முடிஞ்சிருக்கும்.

ரவை, மாவு பாக்கெட்டில் தேதியைப் பாருங்க. மூலையில் நூல் கட்டின மாதிரி கட்டி தெரிஞ்சா வெச்சிடுங்க, புழு வந்திருக்கும்.

பச்சைக் காய்க்கு மட்டும் என் ஓட்டு, நடந்து போற தூரத்தில் இருக்கிற தேக்கா சந்தைக்கு. காலையிலேயே போங்க. முருங்கைக்காயை லேசா முறுக்குங்க, வளைஞ்சு கொடுத்தா இளசு. கறிவேப்பிலைக் கொத்தை உதறினா இலை கொட்டுதா? அது பழசு.