குடலில் கசிந்த இரத்தம், குழம்பிய மூளை

சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயோடு சில ஆண்டுகளாக வாழும் 58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாளாக அவருக்கு மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகப் போகிறது. மூன்றாம் நாள் மனைவி அவரை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். “ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டே இருக்கார் டாக்டர். பகல்ல தூங்கி வழியுறார். பேரன் பேரையே மாத்திச் சொல்றார்” என்கிறார். இரு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைக்கும்படி மருத்துவர் சொல்கிறார். சில நொடிகளில் கைகள் தொய்ந்து விழுகின்றன, உடனே நிமிர்கின்றன, மறுபடி விழுகின்றன. கல்லீரல் வடிகட்டத் தவறிய நச்சுகள் மூளையை எட்டிவிட்டன என்பதற்கு இந்தக் கைத் துடிப்பு முக்கியமான அடையாளம். அந்த நச்சுகளில் முதன்மையானது அம்மோனியா.

உணவுக்குழாயின் அடியில் புடைத்திருந்த ஒரு நாளம் வெடித்து, இரத்தம் குடலுக்குள் இறங்கியிருக்கிறது. மலம் கறுத்தது அதனால்தான். குடலில் இறங்கிய இரத்தத்தால் புத்தி ஏன் தடுமாற வேண்டும்? குடலைப் பொறுத்தவரை அந்த இரத்தமும் ஒரு சாப்பாடுதான், அதுவும் மிகப் பெரிய புரதச் சாப்பாடு. அவருடைய ஹீமோகுளோபின் அளவு 10 என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் கசிந்திருந்தால் அதில் ஹீமோகுளோபின் மட்டுமே 50 கிராம். இரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள புரதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 கிராம். பதினோரு முட்டைகளில் இருக்கும் புரதம் இது. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், 11 கிராம் நைட்ரஜன் குடலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அளவு மட்டுமே சிக்கல் அல்ல, தரமும் சிக்கல். ஹீமோகுளோபின் என்பது 574 அமினோ அமிலங்களால் ஆனது. அவை நான்கு சங்கிலிகளாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்ற வரிசைதான் முதல் நிலை அமைப்பு. அந்தச் சங்கிலி ஆங்காங்கே சுருளாகத் திருகிக்கொள்வது இரண்டாம் நிலை. சுருள்கள் மடங்கி, இரும்பு கொண்ட ஹீமுக்கு ஒரு குழியை அமைத்துக் கொடுப்பது மூன்றாம் நிலை. அப்படி மடிந்த நான்கு சங்கிலிகள் ஒன்றுசேர்ந்து முழு ஹீமோகுளோபின் ஆவது நான்காம் நிலை. ஆக்சிஜனைச் சுமக்க இந்த நான்கும் வேண்டும். ஆனால் வயிற்றின் அமிலமும் குடலின் நொதிகளும் மடிப்புகளைப் பிரித்து, சங்கிலியைத் துண்டுதுண்டாக வெட்டிவிடுகின்றன. உணவாகப் பார்க்கும்போது, சங்கிலியில் எந்தெந்த அமினோ அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது மட்டுமே கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் உடல் தானே தயாரித்துக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களை உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். அவற்றில் ஒன்றான ஐசோலூசின், பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஒன்றுகூட இல்லை. அச்சுக்கூடத்தில் ஒரே ஓர் எழுத்து தீர்ந்துபோனால் மற்ற எழுத்துகள் குவிந்து கிடந்தும் பக்கம் முடியாது அல்லவா, ஐசோலூசின் பற்றாமல் போகும்போது தசையும் கல்லீரலும் அந்த நிலையில்தான் நிற்கின்றன. லூசினும் வேலினும் ஏராளமாக வந்திறங்கியும் புதுப் புரதம் கட்டுவது தடைபடுகிறது. அமினோ அமிலங்களைக் கொழுப்பைப் போல உடலில் சேமித்து வைக்க வழியில்லை. பயன்படாதவற்றின் நைட்ரஜன் கழற்றப்பட்டு அம்மோனியாவாகிறது. முட்டையிலோ பாலிலோ அதே 70 கிராம் புரதம் வந்திருந்தால், அதில் பெரும்பங்கு உடலைக் கட்டப் போயிருக்கும்.

குடல் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை உண்டாக்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் பங்கு உண்மைதான். ஆனால் சிறுகுடலின் சுவரே குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தை எரித்து அம்மோனியாவை வெளிவிடுகிறது. சிறுநீரகமும் தன் பங்குக்கு உண்டாக்குகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இன்னும் அதிகமாக.

குடலிலிருந்து வரும் அம்மோனியா போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே அதை யூரியாவாக மாற்றும் சுழற்சியை 1932-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் கண்டறிந்தார்கள். கல்லீரலின் மெல்லிய சீவல்களில் சிறிதளவு ஆர்னிதினைச் சேர்த்தபோது, அந்த ஆர்னிதினிலிருந்து கிடைக்கக்கூடியதைவிடப் பல மடங்கு யூரியா உண்டானது. ஆர்னிதின் செலவாகாமல் திரும்பத் திரும்ப வேலைக்கு வருகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அம்மோனியா முதலில் பைகார்பனேட்டோடு சேர்ந்து, பிறகு ஆர்னிதின் மேல் ஏறிச் சிட்ருலினாகிறது. அஸ்பார்ட்டிக் அமிலம் இரண்டாவது நைட்ரஜனைக் கொடுக்க, அது ஆர்ஜினினாகிறது. ஆர்ஜினினிலிருந்து யூரியா பிரிந்து சிறுநீருக்குப் போக, ஆர்னிதின் மிஞ்சுகிறது.

நம் நோயாளியின் கல்லீரலில் இந்தச் சுழற்சி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய முடியாத போர்ட்டல் இரத்தம் பக்க வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. உணவுக்குழாயில் புடைத்து வெடித்த நாளமே அப்படிப்பட்ட ஒரு பக்க வழிதான். கல்லீரலைத் தொடாமல் அம்மோனியாவைச் சுற்றி அனுப்பும் பாதையே கசிந்து, புதிய அம்மோனியாவுக்கும் மூலமாகிவிட்டது. மூளையில் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அம்மோனியாவைக் குளூட்டமைனாக்கிச் சமாளிக்கப் பார்க்கின்றன. சேர்ந்த குளூட்டமைன் தண்ணீரை இழுக்க, அந்தச் செல்கள் வீங்குகின்றன.

இரத்த அம்மோனியா எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே அளவில் ஒருவர் மயங்கிக் கிடப்பார், இன்னொருவர் தெளிவாகப் பேசுவார். எடுத்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பரிசோதிக்காவிட்டால், குழாய்க்குள்ளேயே அளவு ஏறிப் பொய்யாகக் காட்டும். அளவு சரியாக இருந்தால் குழப்பத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். கல்லீரல் நன்றாக இருந்தும் அம்மோனியா மிக அதிகமாக இருந்தால், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரையையும் யூரியா சுழற்சியின் பிறவிக் குறைபாடுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் நன்றாகப் பால் குடித்த பச்சிளங்குழந்தை சோர்ந்து, பால் மறுத்து, வேகமாக மூச்சு வாங்கினால், கிருமித்தொற்று என்றே பெரும்பாலும் எண்ணத் தோன்றும். அப்போதே அம்மோனியாவும் பார்த்துவிட்டால் உயிரையும் மூளையையும் காப்பாற்ற வாய்ப்புண்டு.

நம் நோயாளிக்கு எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கசிவை நிறுத்துகிறார்கள். தொற்று வராமல் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். குடலில் தேங்கிய இரத்தத்தை வெளியேற்ற லாக்டுலோஸ் மருந்து கொடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். லாக்டுலோஸ் பெருங்குடலை அமிலமாக்குவதால் அம்மோனியா அம்மோனியமாக மாறி, இரத்தத்துக்குள் எளிதில் ஊடுருவ முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

வீடு திரும்பும்போது குடும்பத்தார் கேட்பது, “இனிமே பருப்பு, முட்டையெல்லாம் நிறுத்திடலாமா?” என்பதுதான். முன்பு மருத்துவர்களும் நிறுத்தத்தான் சொன்னார்கள். பார்சலோனாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், புரதத்தைக் குறைத்ததால் நோயாளிகளின் குழப்பம் விரைவாகத் தெளியவில்லை. மாறாக, அவர்களின் உடல் புரதம் கூடுதலாகக் கரைந்தது. தசை கரைவது இவர்களுக்கு இரட்டை இழப்பு, ஏனென்றால் கல்லீரல் தளரும்போது அம்மோனியாவைக் குளூட்டமைனாக்கி ஓரளவு தாங்கிப் பிடிப்பது தசைதான். இன்றைய பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். பருப்பு, தயிர், பால், முட்டை என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிடலாம். இரவு நெடுநேரம் வெறும் வயிற்றில் கிடந்தால் உடல் தசையை உருக்கத் தொடங்கும் என்பதால், படுக்கப் போகும்முன் சிறிது உணவு கட்டாயம். மலம் மறுபடி கறுத்தாலோ, பகல் தூக்கம் திரும்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.